"பிள்ளை இரண்டு கிழமை பின்னால்": ஸ்கேன் அறைக் குறிப்பு அறிக்கையாகும் விதம்

திருகோணமலையில் ஒரு கர்ப்பிணி ஸ்கேன் முடித்து வெளியே வந்ததும் வீட்டார் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "எத்தனை கிழமையாம்? வளர்த்தி காணுமாமோ?" இந்த இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்லிவிடுவதுதான் குழப்பத்தின் தொடக்கம். மெஷினில் "29 கிழமை" என்று வந்திருக்கும், கிளினிக் கொப்பியில் 31 என்று இருக்கும். உடனே "பிள்ளை இரண்டு கிழமை பின்னால் நிற்குதாம்" என்ற செய்தி உவர்மலையில் கிளம்பி, அன்று பின்னேரமே மூதூரில் இருக்கும் மாமியார் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்கேன் அறையில் டொக்டர் அவசரமாகக் கிறுக்கும் குறிப்பு எப்படி ஒரு முறையான அறிக்கையாகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் இந்தக் குழப்பம் தானாக அவிழும். அறிக்கை தட்டச்சுச் செய்யப் பழகுகிறவர்களையும், கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு விழிக்கிற குடும்பங்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். கீழே உள்ள குறிப்பு யாருடையதும் அல்ல. இப்படியான குறிப்புகளில் வழக்கமாக வரும் சிக்கல்களைச் சேர்த்து விளக்கத்துக்காக நான் அமைத்தது.

```
6/10/25
LRMP 3/3   POA 31
SLF  ceph  FH+
BPD 73  HC 270
AC 245  FL 55
Pl post  Gr I  16
Liq 3.1  4.0  2.6  3.5
?2/52 behind
prev sc 2/6  CRL 45
```

முதலில் இதை வாசித்துவிடுவோம். கடைசியாக ஒழுங்காக வந்த மாதவிடாயின் முதல் நாள் மார்ச் 3. அதன்படி இன்றைக்கு 31 கிழமை. கருப்பையில் உயிருள்ள ஒரு குழந்தை, தலை கீழே, இதயத் துடிப்பு உண்டு. அடுத்து நான்கு அளவுகள், நச்சுக்கொடி, பன்னீர்க்குட நீர். "2/52" என்பது டொக்டர்மார் இரண்டு கிழமையைச் சுருக்கி எழுதும் முறை. ஆண்டுக்கு 52 கிழமை என்பதால் அப்படி. முன்னால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். கடைசி வரி, ஜூன் 2ஆம் திகதி எடுத்த பழைய ஸ்கேன் பற்றியது. ஓரத்தில் சின்னதாக எழுதப்பட்டிருக்கும் அந்த வரியில்தான் முழு விசயமும் இருக்கிறது.

## வயது வேறு, அளவு வேறு

பிறப்புச் சான்றிதழ் தொலைந்துபோன ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தால், உயரத்தைப் பார்த்து வயதை ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். பதினைந்து வயதுப் பையனிடம் அது நடக்காது. ஒரே வகுப்பில் ஒருவன் நாலடி ஒன்பது அங்குலம் இருப்பான், இன்னொருவன் ஐந்தடி எட்டு இருப்பான். நெட்டையனுக்கு வயது கூட என்று யாரும் சான்றிதழைத் திருத்துவதில்லை.

கருவிலும் இதேதான். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்கின்றன. உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தை அப்போது அளந்தால் ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் வயது தெரிந்துவிடும். குறிப்பில் சி.ஆர்.எல் என்று இருப்பது இந்த உச்சி–பிட்ட நீளம்தான். மாதம் ஏற ஏற, தாய் தகப்பனின் உடல்வாகு, நச்சுக்கொடியின் திறன், தாயின் சர்க்கரை என்று பலதும் அளவில் கைவைக்கின்றன. ஏழாம் மாதத்துக்குப் பிறகு அளவை மட்டும் வைத்து வயது சொன்னால் மூன்று கிழமை வரை பிசகலாம்.

மெஷின் இதையெல்லாம் யோசிப்பதில்லை. தலையை 73 மில்லிமீற்றர் என்று அளந்தால், "இந்த அளவு சராசரியாக எத்தனையாவது கிழமையில் இருக்கும்" என்று உள்ளே உள்ள அட்டவணையில் பார்த்துத் திரையில் காட்டும். பல மெஷின்களில் இருப்பது 1980களில் அமெரிக்க கதிரியக்க நிபுணர் ஹாட்லொக்கும் அவருடைய குழுவும் தந்த சூத்திரங்கள். திரையில் வரும் "29w2d" என்பது 29 கிழமையும் 2 நாளும் ஆன சராசரிக் குழந்தையின் அளவு. இந்தக் குழந்தையின் வயது அதுதான் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆக, வயது திகதியிலிருந்து வருகிறது. அதை ஆரம்பத்தில் ஒருமுறை தீர்மானித்தால் பிறகு மாற்றுவதில்லை. பிந்திய ஸ்கேன்கள் சொல்வது, அந்த வயதுக்கு வளர்ச்சி எப்படி என்பதை மட்டும்.

## எந்தத் திகதியைப் பிடிப்பது?

நம் குறிப்புக்கு வருவோம். மார்ச் 3ஐ எடுத்துக்கொண்டால், 280 நாள் கூட்டி, பிரசவத் திகதி டிசம்பர் 8. ஒக்டோபர் 6 அன்று 217 நாள், அதாவது சரியாக 31 கிழமை. குறிப்பில் உள்ள 31 இப்படித்தான் வந்தது. கணக்கில் பிழை இல்லை.

ஆனால் ஜூன் 2ஆம் திகதி ஸ்கேனைப் பாருங்கள். மாதவிடாய்க் கணக்கில் அன்று 91 நாள், 13 கிழமை. அளந்த உச்சி–பிட்ட நீளமோ 45 மில்லிமீற்றர். அது 11 கிழமையும் 2 நாளும், அதாவது 79 நாள். 12 நாள் இடிக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு கிழமைக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிடாய்க் கணக்கிலிருந்து ஏழு நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேனையே பிடிப்பது பல நாடுகளிலும் உள்ள நடைமுறை. மாதவிடாய் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குக் கரு பிந்தித்தான் தரிக்கும். இருபத்தெட்டு நாள் சுழற்சியை நம்பிப் போட்ட கணக்கு அவர்களிடம் எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

எனவே இந்தத் தாயின் பிரசவத் திகதி டிசம்பர் 20. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஒக்டோபர் 6க்கு 29 கிழமையும் 2 நாளும். "இரண்டு கிழமை பின்னால்" என்று பயந்ததில் 12 நாள் இங்கேயே கரைந்துவிடுகிறது.

பழைய ஸ்கேன் கிண்ணியாவிலோ கந்தளாயிலோ எடுத்திருப்பார்கள், இன்றைய ஸ்கேன் நகருக்குள் வேறொரு நிலையத்தில் நடக்கும். பழைய தாள் கைப்பையின் அடியில் மடிந்து கிடக்கும், யாரும் கேட்காவிட்டால் வெளியே வராது. கேட்டாலும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மாதவிடாய்த் திகதிப்படி எழுதிய பிரசவத் திகதி திருத்தப்படாமல் அப்படியே இருக்கும். அறிக்கை எழுதுகிறவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து 31 என்று தட்டிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு எண்ணும் தப்பான வயதோடு ஒப்பிடப்படும். டிசம்பரில் இன்னொரு தொல்லையும் வரும். 20ஆம் திகதி பிறக்க வேண்டிய பிள்ளைக்கு 8ஆம் திகதியே "நாள் தாண்டுது" என்று வலி வரப்பண்ணும் பேச்சு எழும்.

எழுதும் முறையிலும் ஒரு கண் வேண்டும். "29.5" என்று எழுதினால் அது 29 கிழமை 5 நாளா, இருபத்தொன்பதரைக் கிழமையா? அரைக் கிழமை என்றால் மூன்றரை நாள்தான். அறிக்கையில் புள்ளி போடாமல் கிழமையும் நாளும் தனித்தனியாக எழுதுவதே பாதுகாப்பு.

## நான்கு அளவுகள்

பி.பி.டி என்பது தலையின் குறுக்களவு, எச்.சி தலைச் சுற்றளவு, ஏ.சி வயிற்றுச் சுற்றளவு, எஃப்.எல் தொடை எலும்பின் நீளம். எல்லாம் மில்லிமீற்றரில் எழுதப்பட்டிருக்கின்றன. சில மெஷின்கள் சென்ரிமீற்றரில் காட்டும். 7.3 என்றும் 73 என்றும் ஒரே தாளில் கலந்து வந்தால் அறிக்கையில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஹாட்லொக் சூத்திரப்படி இந்த நான்கும் முறையே 29 கிழமை 2 நாள், 29 கிழமை 3 நாள், 28 கிழமை 5 நாள், 29 கிழமை என்று வருகின்றன. சராசரி 29 கிழமை 1 நாள். திருத்திய வயது 29 கிழமை 2 நாள். ஒரு நாள் வித்தியாசத்தை ஒரு வித்தியாசமாகவே எடுப்பதில்லை.

நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது தட்டச்சுப் பிழையைப் பிடிக்கவும் உதவும். 270ஐ 207 என்று தட்டிவிட்டால் தலை மட்டும் 23 கிழமைக்குக் கிட்ட நிற்கும், மற்ற மூன்றும் 29இல் நிற்கும். அப்படி ஒரு குழந்தை இருக்கவே முடியாது என்றில்லை. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விரலை. சேமித்த படத்தைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்கில் மிகவும் பிசகக்கூடியது வயிற்றுச் சுற்றளவு. தலைக்கு மண்டையோட்டின் விளிம்பு தெளிவாகத் தெரியும், தொடை எலும்புக்கு இரண்டு முனை உண்டு. வயிறு மெத்தென்றது, குழந்தை மூச்சசைவு செய்தாலும் புரோப்பை அழுத்தினாலும் வடிவம் மாறும். இரைப்பையும், ஈரலுக்குள் வளையும் கொப்பூழ் நாளமும் ஒரே வெட்டுமுகத்தில் தெரிய, வயிறு வட்டமாக இருக்க, தோலின் வெளி விளிம்பைச் சுற்றி அளக்க வேண்டும். எடைக் கணக்கில் மிகவும் ஆதிக்கம் செலுத்துவதும் இதே அளவுதான்.

நான்கையும் சூத்திரத்தில் போட்டால் எடை ஏறத்தாழ 1310 கிராம். இதைத் தராசில் நிறுத்த எடை என்று எடுக்கக் கூடாது. 15 சதவீதம் வரை கூடக் குறைய வரலாம், அதாவது உண்மையில் 1100ஆகவும் இருக்கலாம், 1500ஆகவும் இருக்கலாம். அறிக்கையில் "மதிப்பிட்ட எடை" என்று எழுதுவது அதனால்தான். "1309.7 கிராம்" என்று மெஷின் தந்தாலும் புள்ளிக்குப் பின்னால் உள்ளதைக் காவித் திரிவதில் பொருள் இல்லை.

இப்போது வயதுப் பிழையின் விளைவைப் பாருங்கள். ஹாட்லொக்கின் எடை அட்டவணையில் 31 கிழமைக் குழந்தையின் நடு எடை ஏறத்தாழ 1750 கிராம். நூறு குழந்தைகளை எடைப்படி வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து பத்தாவதாக நிற்கும் குழந்தையின் எடையைப் பத்தாவது சதமானம் என்பார்கள். 31 கிழமைக்கு அது 1450 கிராமுக்குக் கிட்ட. நம் குழந்தையின் 1310 அதற்கும் கீழே, ஆகவே "வயதுக்குச் சிறிய குழந்தை" என்று அறிக்கை போய்விடும். அதே 1310ஐ 29 கிழமை 2 நாளோடு ஒப்பிட்டால் நடு எடை 1400க்குச் சற்று மேல், பத்தாவது சதமானம் 1200க்குக் கிட்ட. குழந்தை தாராளமாக இயல்பு எல்லைக்குள் நிற்கிறது. அளந்தது ஒன்றும் மாறவில்லை, ஒப்பிட்ட வயது மட்டும் மாறியது.

சுருங்கச் சொன்னால், அளவுகளை அலகோடு எழுதி, மதிப்பிட்ட எடையைச் சேர்த்து, அதைத் தீர்மானித்த வயதோடு ஒப்பிட வேண்டும். எந்த அட்டவணை என்றும் ஒரு சொல் எழுதினால், அடுத்த முறை வேறு மெஷினில் வேறு சதமானம் வரும்போது யாரும் தடுமாற மாட்டார்கள்.

## நச்சுக்கொடி: "Gr I 16" என்றால்?

"Pl post" சிக்கலில்லை. நச்சுக்கொடி கருப்பையின் பின்சுவரில் ஒட்டியிருக்கிறது. அது முன்னால் இருந்தாலென்ன பின்னால் இருந்தாலென்ன, அதுவே ஒரு நோயல்ல. "பின்னால் இருக்காம், அதால பொம்பிளைப் பிள்ளையாம்" போன்ற ஊர்க்கதைகளைத் தள்ளிவைத்துவிடலாம்.

சிக்கல் அடுத்த இரண்டில். "Gr I" இரண்டு பொருளில் எழுதப்படும். நச்சுக்கொடியில் சுண்ணாம்புப் படிவு எவ்வளவு, அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு 0 முதல் III வரை ஒரு தரம் உண்டு. நச்சுக்கொடி கருப்பையின் வாசலுக்கு எவ்வளவு கிட்ட இறங்கியிருக்கிறது என்பதற்கும் I முதல் IV வரை ஒரு பழைய தரம் உண்டு. முதலாவதில் I என்றால் பேச ஒன்றுமில்லை. இரண்டாவதில் I என்றால் இரத்தப்போக்குப் பற்றித் தாயிடம் பேச வேண்டியிருக்கும். அந்தப் பழைய நான்கு தரத்தை இப்போதைய வழிகாட்டல்கள் கைவிட்டுவிட்டாலும் கைப்பழக்கம் போகவில்லை.

இந்த இடத்தில் தட்டச்சு செய்பவர் ஊகிக்கவே கூடாது. டொக்டரிடம் கேட்க வேண்டும், அல்லது படத்தைப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில், யோனி வழியாக எடுத்த படத்தில் நச்சுக்கொடியின் கீழ் விளிம்பிலிருந்து கருப்பைக் கழுத்தின் உள்வாய் வரை கோடு போட்டு 16 மில்லிமீற்றர் என்று அளந்திருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்வாய் என்பது கருப்பைக் கழுத்து கருப்பைக்குள் திறக்கும் இடம். விளிம்பு அதிலிருந்து 20 மில்லிமீற்றருக்குள் இருந்தால் "தாழ்ந்த நச்சுக்கொடி". வாயையே மூடியிருந்தால்தான் "முந்திய நச்சுக்கொடி". 16 என்றால் தாழ்ந்தது, மூடவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இது பிறகு சரியாகிவிடும். நச்சுக்கொடி நகர்ந்து மேலே ஏறுவதில்லை. மாதம் போகப் போகக் கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு விரிவதால் வாய்க்கும் விளிம்புக்கும் இடைவெளி கூடுகிறது. அதனால்தான் 32 கிழமையில் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள், தேவைப்பட்டால் 36இலும். திருத்திய கணக்கில் 32 கிழமை ஒக்டோபர் 25இல் நிறைகிறது. பழைய கணக்கை வைத்திருந்தால் 13ஆம் திகதியே, ஒரு கிழமை இடைவெளியில், கூப்பிட்டிருப்பார்கள். சிறுநீர்ப்பை மிகவும் நிறைந்திருந்தால், வயிற்றின் மேலால் பார்க்கும் ஸ்கேனில் கருப்பையின் கீழ்ப்பகுதி நசுங்கி, இயல்பான நச்சுக்கொடியும் தாழ்ந்ததுபோலத் தெரியும். யோனி வழி ஸ்கேன் கேட்பது அதற்காகத்தான்.

## பன்னீர்க்குட நீர்

கருப்பைக்குள் உள்ள நீரை மில்லிலீற்றரில் அளக்க ஸ்கேனில் வழி இல்லை. ஆகவே ஆழத்தை அளக்கிறார்கள். தாயின் வயிற்றைக் கொப்பூழை நடுவாக வைத்து நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கொப்பூழ்க்கொடியோ கைகாலோ குறுக்கே இல்லாத மிக ஆழமான நீர்ப்பகுதியை மேலிருந்து கீழாகச் சென்ரிமீற்றரில் அளப்பார்கள். நான்கையும் கூட்டினால் வருவது நீர்ச் சுட்டெண், மெஷினில் ஏ.எஃப்.ஐ. இங்கே 3.1, 4.0, 2.6, 3.5 சேர்ந்து 13.2. பொதுவாக 5க்குக் கீழே குறைவு, 24, 25க்கு மேலே கூடுதல். 13.2 நடுவில் நிற்கிறது.

இன்னொரு முறையில் நான்கையும் கூட்டாமல் மிக ஆழமான ஒன்றை மட்டும் எடுப்பார்கள். அதற்கு 2 முதல் 8 சென்ரிமீற்றர் வரை இயல்பு. சுட்டெண்ணை மட்டும் நம்பினால் தேவையில்லாமல் "தண்ணி குறைவு" என்று அதிகம் பேரை முத்திரை குத்திவிடுகிறோம் என்பதால் பலர் இப்போது இதையே விரும்புகிறார்கள்.

குறிப்பில் வெறுமனே "Liq 4.0" என்று மட்டும் இருந்திருந்தால்? அது ஆழமான ஒற்றை அளவாக இருந்தால் பிரச்சினையே இல்லை. சுட்டெண் என்று எடுத்தால் நீர் குறைவு, அந்தத் தாய் அன்றே வார்டில் படுக்க வேண்டிவரலாம். ஆகவே அறிக்கையில் எண்ணுக்கு முன்னால் எந்த முறையில் அளந்தது என்று எழுதாமல் விடக் கூடாது.

## குறிப்பு அறிக்கையானபோது

உண்மையான அறிக்கை ஆங்கிலத்தில் தட்டச்சாகும். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்.

> ஸ்கேன் திகதி: 6.10.2025. கருப்பையில் உயிருள்ள ஒற்றைக் குழந்தை, தலை கீழ்நிலை. இதயத் துடிப்பு உண்டு.
>
> கர்ப்ப வயது: 29 கிழமை 2 நாள். 2.6.2025 ஸ்கேனின்படி (உச்சி–பிட்ட நீளம் 45 மி.மீ.). மாதவிடாய்த் திகதிப்படி 31 கிழமை; 12 நாள் வித்தியாசம் இருப்பதால் முதல் ஸ்கேன் ஏற்கப்பட்டது. பிரசவத் திகதி: 20.12.2025.
>
> தலைக் குறுக்களவு 73, தலைச் சுற்றளவு 270, வயிற்றுச் சுற்றளவு 245, தொடை எலும்பு 55 (எல்லாம் மி.மீ.). மதிப்பிட்ட எடை 1310 கிராம் (ஹாட்லொக்), வயதுக்கு இயல்பு எல்லைக்குள்.
>
> நச்சுக்கொடி: பின்சுவர், தாழ்ந்தது. கீழ் விளிம்பு உள்வாயிலிருந்து 16 மி.மீ., வாயை மூடவில்லை.
>
> பன்னீர்க்குட நீர்: சுட்டெண் 13.2 செ.மீ., மிக ஆழமான பகுதி 4.0 செ.மீ. இயல்பு.
>
> பரிந்துரை: 32 கிழமையில் யோனி வழி ஸ்கேன்.

"இரண்டு கிழமை பின்னால்" என்ற வரி அறிக்கையில் இல்லை. கேள்விக்குறியோடு எழுதிய சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வரியைத் தட்டச்சு செய்பவர் தானாக அழிக்க முடியாது. பழைய ஸ்கேனைக் காட்டி, டொக்டர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட பிறகுதான் அது போகும்.

இதில் இல்லாத சிலவற்றையும் பாருங்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு இத்தனை என்று எழுதவில்லை, ஏனென்றால் குறிப்பில் "FH+" மட்டுமே உண்டு. முள்ளந்தண்டு, சிறுநீரகம் பற்றியும் ஒரு வார்த்தையும் இல்லை. கொம்பியூட்டரில் சேமித்து வைத்திருக்கும் மாதிரிப் படிவத்தில் "துடிப்பு 140", "நச்சுக்கொடி முன்சுவர், மேல்பகுதி", "முள்ளந்தண்டு இயல்பு" என்று ஏற்கெனவே அடித்திருப்பார்கள். அவசரத்தில் ஒன்றை மாற்ற மறந்தால் போன தாயின் நச்சுக்கொடி இந்தத் தாயின் தாளில் வந்துவிடும். ஸ்கேன் அறிக்கைகளில் எனக்கு மிகவும் பயமூட்டும் பிழை இதுதான், ஏனென்றால் வாசிக்கும்போது எந்த இடத்திலும் உறுத்தாது. மாதிரிப் படிவத்தில் இந்த இடங்களை வெறுமையாக விட்டுவைப்பதே நல்லது.

## முதல் ஸ்கேனே இல்லையென்றால்

வெருகல், குச்சவெளிப் பக்கமிருந்து ஏழாம் மாதத்தில் முதல் தடவையாக ஸ்கேனுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது பிடிக்க ஜூன் 2 இல்லை. மாதவிடாய்த் திகதி நிச்சயமாகத் தெரிந்தால் அதையே வைத்திருக்க வேண்டும். 28 கிழமைக்குப் பிறகு, மூன்று கிழமைக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் திகதியை மாற்ற யோசிப்பார்கள். அப்படி மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. உண்மையிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தையை "வயதுதான் குறைவு" என்று சொல்லி மறைத்துவிடலாம்.

அந்த அறிக்கையில் வயதுக்குப் பக்கத்தில் "ஆரம்ப ஸ்கேன் கிடைக்கவில்லை, மாதவிடாய்த் திகதிப்படி" என்று எழுதி, இரண்டு மூன்று கிழமை கழித்து மீண்டும் அளக்கச் சொல்வார்கள். வயது சரியாகத் தெரியாவிட்டாலும் இரண்டு ஸ்கேனுக்கு இடையில் எத்தனை நாள் என்பது நிச்சயமாகத் தெரியும். அந்த நாட்களுக்குள் வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். இரண்டு கிழமைக்குக் குறைந்த இடைவெளியில் எடுத்தால் அளக்கும் பிசகே வளர்ச்சியைவிடப் பெரிதாகிவிடும், அதனால் நாளைக்கே இன்னொரு நிலையத்துக்கு ஓடிப் பார்ப்பதில் பயன் இல்லை.